ஒரு டப்பா கிரீஸ் எல்லாவற்றுக்கும் போதுமா?

பெங்களூரில் நம்மவர்கள் வாழும் பகுதிகளில், ஸ்ரீராமபுரமாகட்டும், அல்சூராகட்டும், பீன்யாவைச் சுற்றியுள்ள வாடகை வீடுகளாகட்டும், பல வீடுகளின் படிக்கட்டின் கீழே ஒரு பழைய டப்பா இருக்கும். அதில் பாதி அளவுக்குக் கிரீஸ் இருக்கும். தெரிந்த மெக்கானிக் கொடுத்ததாக இருக்கலாம், தொழிற்சாலையிலிருந்து ஒரு கரண்டி வந்ததாகவும் இருக்கலாம். சைக்கிள் செயின் சத்தம் போட்டால் அதில் விரலை விடுவார்கள். கதவு கிறீச்சிட்டாலும் அதுதான். தையல் மிஷின் கனமாக ஓடினாலும் அதையே எடுப்பார்கள். வழுவழுப்பு என்றால் எல்லாம் ஒன்றுதானே என்பது பொதுவான எண்ணம்.

இந்த எண்ணம் நமக்குச் செலவு வைக்கிறது. ஐந்து ஆண்டு உழைக்க வேண்டிய செயின் இரண்டே ஆண்டில் தேய்ந்து, போகும்போது பிரீவீலின் பற்களையும் சேர்த்துக் கெடுத்துவிடும். வீட்டில் ரவிக்கை தைத்துக் குடும்பத்துக்கு உதவும் பெண்மணி, வாடிக்கையாளர் கொடுத்த துணியில் கறுப்புக் கறை விழுந்ததற்காகக் கைக்காசைக் கொடுக்க வேண்டிவரும். ஆகவே சைக்கிள் செயின், கதவுக் கீல், தையல் மிஷின் ஆகிய மூன்றுக்கும் எது பொருந்தும், ஏன் பொருந்தும் என்று பார்ப்போம்.

எண்ணெய் வேறு, கிரீஸ் வேறு

கிரீஸ் என்பது கெட்டியான எண்ணெய் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. எண்ணெயோடு ஒருவகைச் சோப்பைச் சேர்த்துக் குழைத்ததே கிரீஸ். அதில் பெரும்பகுதி எண்ணெய்தான். பஞ்சு தண்ணீரைப் பிடித்து வைப்பதுபோல் சோப்பு அந்த எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொண்டு, உராயும் இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அந்தச் சோப்பு லிதியம் வகையாக இருந்தால் லிதியம் கிரீஸ், கால்சியம் வகையாக இருந்தால் கால்சியம் கிரீஸ். இரண்டும் தண்ணீரைத் தாங்கும். ஆனால் சூட்டை லிதியம் அதிகமாகத் தாங்கும். கடையில் 'மல்ட்டி பர்ப்பஸ்' என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் லிதியம் கிரீஸ்தான்.

நம் கிராமங்களில் மாட்டு வண்டி அச்சுக்குப் போட்ட மசகும் இதே தத்துவத்தில் அமைந்ததுதான். வைக்கோல் கரியை எண்ணெயில் குழைத்துப் போடுவார்கள். வெறும் எண்ணெய் ஊற்றினால் வழிந்து போய்விடும், கரி அதைப் பிடித்து நிறுத்தும்.

ஆக, எண்ணெய் ஓடும், கிரீஸ் நிற்கும். குறுகிய இடுக்குக்குள் தானே புக வேண்டிய இடத்துக்கு எண்ணெய் வேண்டும். போட்ட இடத்திலேயே தங்க வேண்டிய இடத்துக்குக் கிரீஸ் வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும்.

ரயில்வேயில் இதற்குக் கண்கூடான உதாரணம் உண்டு. பழைய பெட்டிகளிலும் வாகன்களிலும் அச்சின் முனை ஒரு பித்தளைத் தாங்கியின் கீழ் சுழலும். அச்சுப் பெட்டிக்குள் எண்ணெயில் ஊறிய திணிப்பு இருக்கும். அது எண்ணெயை ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். திணிப்பு காய்ந்தால் அச்சு சூடேறிப் புகையும். 'ஹாட் ஆக்ஸில்' என்று சொல்லி அந்த வண்டியை வழியிலேயே கழற்றி நிறுத்துவார்கள். பிறகு ரோலர் பேரிங் வந்தது. அதற்குள் கிரீஸை அடைத்து மூடிவிட்டார்கள். அதே அச்சு, அதே பாரம்தான். ஆனால் தாங்கியின் அமைப்பு மாறியதும் எண்ணெய் போய்க் கிரீஸ் வந்தது. எதைப் போடுவது என்பதை முடிவு செய்வது பொருளின் பெயரல்ல, உள்ளே உராயும் இடத்தின் அமைப்பு.

செயினில் தேய்வது எங்கே?

சைக்கிள் செயினைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளித்தகடு இரண்டு, உள்தகடு இரண்டு, அவற்றைக் கோக்கும் ஒரு பின். சாதாரண சைக்கிளின் செயினில் அந்தப் பின்னைச் சுற்றி ஒரு சிறு குழாய், அதாவது புஷ், அதன்மேல் உருளை. பல்சக்கரத்தில் உட்காருவது உருளை. கண்ணுக்குத் தெரிவதும் அதுதான். ஆனால் முக்கியமான தேய்மானம் அங்கே இல்லை. செயின் வளைந்து நிமிரும்போதெல்லாம் பின்னும் புஷ்ஷும் உரசுகின்றன. தேய்வது அந்த மறைவான இடம்.

அந்த இடுக்கு மிகவும் நுண்ணியது. அதற்குள் போகும் வழி, உள்தகடும் வெளித்தகடும் ஒன்றன்மேல் ஒன்று படியும் விளிம்பு மட்டுமே. மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு அங்கே வைத்தால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் தானே உள்ளே இழுக்கப்படும். கிரீஸை அப்பினால் உள்ளே போகாது. வெளியே ஒட்டிக்கொண்டு சாலைப் புழுதியை வரவேற்கும். கிரீஸும் மணலும் சேர்ந்தால் அது மசகு அல்ல, சாணை பிடிக்கும் பசை. 'நன்றாகக் கிரீஸ் போட்டும் செயின் சீக்கிரம் போய்விட்டதே' என்று அங்கலாய்ப்பவர்களின் செயினில் நடந்தது இதுதான்.

புதிய செயின் தொழிற்சாலையிலிருந்து கொழகொழவென்று வருகிறதே என்று கேட்கலாம். அங்கே மசகைச் சூடாக்கி உருக்கி, அதில் செயினை முக்கி எடுக்கிறார்கள். உருகிய நிலையில் அது உள்ளே போய், ஆறியபின் அங்கேயே உறைகிறது. வீட்டில் விரலால் அப்புவதால் அந்தப் பலன் கிடைக்காது. இதை வீட்டு அடுப்பில் செய்து பார்க்கவும் வேண்டாம். தீப்பிடிக்கும்.

அங்குலக் கோல் சொல்லும் கணக்கு

செயின் தேய்ந்திருக்கிறதா என்று அறியக் கடைக்காரரை நம்ப வேண்டியதில்லை. ஒரு ஸ்டீல் அங்குலக் கோல் போதும். சைக்கிள் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே அரை அங்குலம். ஆகவே 24 இடைவெளிக்குச் சரியாக 12 அங்குலம். பெடலை லேசாக அழுத்திச் செயினை இறுக்கமாக வைத்துக்கொண்டு, ஒரு பின்னின் மையத்தில் கோலின் பூஜ்யத்தை வையுங்கள். அந்தப் பின்னைக் கணக்கில் சேர்க்காமல், அடுத்ததிலிருந்து எண்ணி 24-வது பின்னைப் பாருங்கள். அதன் மையம் 12 அங்குலக் கோட்டில் நின்றால் செயின் நன்றாக இருக்கிறது. கோட்டைத் தாண்டி 1/16 அங்குலம் போயிருந்தால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. 1/8 அங்குலம் போயிருந்தால் பல்சக்கரத்தின் பற்களும் பெரும்பாலும் கெட்டிருக்கும். புதுச் செயின் மட்டும் போட்டால் பழைய பற்களில் வழுக்கும்.

செயின் 'நீண்டுவிட்டது' என்கிறோம். இரும்பு ஒன்றும் ரப்பர்போல் இழுபடவில்லை. 1/16 அங்குலம் என்பது ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர். அதை 24 இணைப்புகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றிலும் சுமார் 0.07 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் பருமன் அவ்வளவுதான். ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு தலைமுடியளவு தேய்ந்தாலே செயினின் ஆயுள் முடிந்தது என்றால், உள்ளே புகும் ஒரு மணல் துகள் என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள்.

எண்ணெய் விடும் முறை

முதலில் பழைய துணியால் செயினை அழுத்திப் பிடித்துப் பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். துணியில் வரும் கறுப்பை இரு விரலால் தேய்த்துப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் துடைத்ததே போதும். நறநறவென்றால் மண் ஏறியிருக்கிறது. வெள்ளி போல் மினுமினுத்தால் இரும்பே தேய்ந்து வருகிறது. இந்த இரண்டு நிலையிலும் பழைய பிரஷ்ஷால் மண்ணெண்ணெய் கொண்டு கழுவ வேண்டும். மண்ணெண்ணெய் கிடைக்காதவர்கள் பெயிண்ட் கடையில் கிடைக்கும் டர்பன்டைனைப் பயன்படுத்தலாம். அருகில் அடுப்போ பீடியோ கூடாது. கழுவியபின் முழுவதும் காய விடுங்கள். ஈரம் இருக்கும்போதே எண்ணெய் விட்டால், உள்ளே இருக்கும் மண்ணெண்ணெய் அதை நீர்த்துப் போகச் செய்யும்.

பிறகு எண்ணெய். தகடுகள் படியும் விளிம்பில் இணைப்புக்கு ஒரு சொட்டு, இரு பக்கமும். முழுச் செயினையும் சுற்றி வந்ததும் பெடலை இருபது முப்பது முறை சுழற்றி, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் வெளியே தெரியும் எண்ணெயை எல்லாம் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். கஷ்டப்பட்டுப் போட்டதைத் துடைப்பதா என்று தோன்றும். உள்ளே போனதுதான் வேலை செய்யும். வெளியே இருப்பது புழுதிக்குத்தான் பயன்படும். விளிம்பு வளையத்தில், அதாவது பிரேக் பிடிக்கும் ரிம்மில், ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. அது உயிருக்கு ஆபத்து.

எந்த எண்ணெய் என்பது காலத்தைப் பொறுத்தது. பிப்ரவரி முதல் மே வரை இங்கே செம்மண் புழுதி பறக்கும் காலம். அப்போது மெல்லிய மிஷின் எண்ணெயே நல்லது. அடிக்கடி விட வேண்டியிருந்தாலும் அழுக்கு அதிகம் சேராது. மழைக்காலத்தில் மெல்லிய எண்ணெய் இரண்டு நாளில் கழுவிப் போய்விடும். அப்போது செயினுக்கென்று விற்கும் கெட்டி எண்ணெயோ, புதிய என்ஜின் ஆயிலோ விடலாம். செயினை முழுவதும் மூடிய கவர் உள்ள பழைய பாணி சைக்கிளுக்கு எந்தக் காலத்திலும் கெட்டி எண்ணெய் விடலாம். அங்கே புழுதி புகாது. ஒர்க்ஷாப்பில் வடித்த கறுப்பு ஆயில் மட்டும் வேண்டாம். அது இலவசம்தான், ஆனால் அதில் கரியும் இரும்புத் தூளும் கலந்திருக்கும். தோலுக்கும் ஆகாது.

கதவுக் கீலின் கதை வேறு

கதவு மெதுவாகத் திறக்கிறது. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது முறை, அதுவும் கால் சுற்று. ஆனால் கதவின் பாரம் முழுவதும் அந்தச் சிறு கீல்களின்மேல் எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. இங்கே மெல்லிய எண்ணெய் விட்டால் அன்றைக்குச் சத்தம் நிற்கும். சில நாளில் பாரம் எண்ணெயைப் பிதுக்கி வெளியேற்ற, அது கதவில் கறுப்புக் கோடாக வழியும். சத்தம் திரும்ப வரும். இங்கேதான் கிரீஸுக்கு வேலை.

பின்னை உருவக்கூடிய கீலாக இருந்தால், கதவின் அடியில் ஒரு மரச்சில்லை முட்டுக்கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரு பின்னை மட்டும் உருவுங்கள். துருவை உப்புக் காகிதத்தால் தேய்த்து, துடைத்து, அரிசியளவு கிரீஸை மெல்லப் பூசித் திரும்பச் செருகுங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் பின் உருவ முடியாதபடி முனை அடித்த கீல்கள்தான். அவற்றில் கிரீஸ் நுழையாது. ஆகவே கெட்டி எண்ணெயை மேல் கணுக்களில் ஒவ்வொரு சொட்டாக வைத்து, கதவை இருபது முறை ஆட்டி, கீழே வருவதைத் துடைத்துவிடுங்கள். பழுப்புத் தூள் கலந்து வந்தால் துரு வருகிறது என்று பொருள். சுத்தமாக வரும்வரை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும்.

ஆனால் முதலில் சத்தம் கீலிலிருந்துதான் வருகிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் மரம் ஊதி, கதவு நிலையில் உரசும். உரசும் இடம் பளபளவென்று தேய்ந்திருக்கும். அங்கே மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். திருகாணி தளர்ந்து கதவு தொங்கியிருந்தால் எந்த மசகும் உதவாது. திருகாணியைத்தான் முடுக்க வேண்டும்.

பூட்டுக்கு எண்ணெயும் வேண்டாம், கிரீஸும் வேண்டாம். சாவித் துவாரத்தில் விட்ட எண்ணெயில் தூசி சேர்ந்து உள்ளே இருக்கும் சிறு பின்கள் ஒட்டிக்கொள்ளும். கிராபைட் தூள்தான் அதற்கு ஏற்றது. பென்சில் முனையைச் சாவியின் பற்களில் நன்றாகத் தேய்த்து நாலைந்து முறை போட்டு எடுத்தாலும் பலன் தெரியும். ரயில் பாதையிலும் இதே உத்தி உண்டு. தண்டவாள இணைப்புத் தகடுகளுக்குள் கிராபைட்டை மண்ணெண்ணெயில் குழைத்துப் பூசுவார்கள். மண்ணெண்ணெய் ஆவியாகிவிடும், கிராபைட் தங்கிவிடும். வெயிலில் தண்டவாளம் நீளும்போது அது வழிவிடும்.

தையல் மிஷினுக்கு மெல்லியதே மேல்

தையல் மிஷின் செயினைப்போலவும் அல்ல, கீலைப்போலவும் அல்ல. பாரம் குறைவு, வேகம் அதிகம். ஆடைத் தொழிற்சாலைகளில் ஓடும் மிஷின்கள் நிமிடத்துக்கு 4,000 தையலுக்கு மேல் போடக்கூடியவை. அவற்றுக்குள்ளேயே எண்ணெய்த் தொட்டியும் பம்பும் உண்டு. வீட்டு மிஷினில் நாம்தான் துவாரம் துவாரமாக விட வேண்டும்.

இங்கே கெட்டி எண்ணெய் விட்டால் ஒவ்வொரு மூட்டும் சேற்றில் கால் வைத்ததுபோல் இழுக்கும். கால் வலிக்கும், மோட்டார் வைத்திருந்தால் அது சூடேறும். நூல் பிசிறும் பஞ்சும் எண்ணெயில் ஒட்டி ஷட்டிலின் அருகே கட்டியாகிவிடும். அதனால்தான் தண்ணீர்போல் தெளிவான, நிறமற்ற எண்ணெயைத் தையல் மிஷினுக்கென்றே தயாரிக்கிறார்கள். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. துணியில் ஒரு சொட்டுப் பட்டாலும் சோப்புப் போட்டுத் துவைத்தால் அநேகமாகப் போய்விடும். என்ஜின் ஆயிலோ கிரீஸோ பட்டால் அந்த ரவிக்கைத் துணியின் விலை நம் தலையில்தான்.

சமையல் எண்ணெய் கூடவே கூடாது. நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் காற்றுப் பட்டுப் பட்டுப் பிசினாகிவிடும். அப்பளம் பொரித்த வாணலியின் விளிம்பில் ஒட்டியிருக்கும் மஞ்சள் பிசுக்கைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். தேங்காய் எண்ணெயோ சுமார் 24 டிகிரி வெப்பத்துக்குக் கீழே உறையத் தொடங்கும். பெங்களூரில் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை வெப்பம் 15, 16 டிகிரிக்கு இறங்கும். தலைக்குத் தடவும் எண்ணெய்ப் பாட்டிலை வெயிலில் வைப்பது நமக்குப் பழக்கமானதே. பாட்டிலில் உறைவது மிஷினுக்குள்ளும் உறையும்.

இதை அறிய எளிய அடையாளம் ஒன்று உண்டு. காலையில் மிதிக்கும்போது மிஷின் கனமாக இருந்து, கால் மணி நேரம் தைத்தபின் இலேசாகிறதா? உள்ளே தவறான எண்ணெய் பிசினாகியிருக்கிறது என்று கொள்ளலாம். சூட்டில் அது இளகுவதால்தான் இலேசாகிறது. எண்ணெய்த் துவாரங்களில் இரண்டிரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, நூல் கோக்காமல் சில நிமிடங்கள் ஓட்டுங்கள். வெளிவரும் பழுப்பு அழுக்கைத் துடைத்துவிட்டு, ஷட்டிலின் பள்ளத்தில் இருக்கும் பஞ்சைச் சிறு பிரஷ்ஷால் எடுத்து, பிறகு ஒவ்வொரு துவாரத்துக்கும் ஒரு சொட்டு மிஷின் எண்ணெய். ஷட்டில் பள்ளத்துக்கும் ஒரே ஒரு சொட்டு. கழிவுத் துணியில் கொஞ்ச நேரம் தைத்துக் கறை வரவில்லை என்று பார்த்தபின் வாடிக்கையாளர் துணியை எடுங்கள். தோல் பெல்ட்டில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வழுக்கும்.

'எல்லாவற்றுக்கும் ஒன்று' என்ற விளம்பரம்

ஒரே பொருள் எல்லா வேலையும் செய்யும் என்ற விளம்பரம் புதிதல்ல. 1894-ல் அமெரிக்காவில் நியூஜெர்சியைச் சேர்ந்த ஜார்ஜ் கோல் என்பவர், சைக்கிளுக்கென்று ஓர் எண்ணெயைச் செய்தார். சுத்தம் செய்யும், மசகாகும், துருவைத் தடுக்கும் என்று மூன்று வேலைகளைச் சொல்லி, 'த்ரீ இன் ஒன்' என்று பெயரிட்டார். இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கும் நீலமும் மஞ்சளுமான ஸ்பிரே டப்பா, டபிள்யூ.டி.-40, 1953-ல் அமெரிக்காவின் சான்டியகோவில் பிறந்தது. அந்த எழுத்துகளுக்குப் பொருளே 'நீரை விரட்டுவது, நாற்பதாவது முயற்சி' என்பதுதான். ஏவுகணையின் உலோகத் தகட்டைத் துருவிலிருந்து காக்க முதலில் பயன்பட்டது.

அது நல்ல பொருள்தான். துருப்பிடித்த போல்ட்டை இளக்க, மழையில் நனைந்த பாகத்தின் ஈரத்தை விரட்ட அதற்கு ஈடில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போகும் மெல்லிய கரைப்பான். தங்குவது மெல்லிய படலமே. செயினில் அடித்தால் உள்ளே இருந்த நல்ல மசகையும் கரைத்து வெளியேற்றிவிடும். அன்று சத்தம் இராது, பிறகு காய்ந்த செயின் கிறீச்சிடும். வேடிக்கை என்னவென்றால், அந்த இரண்டு பெயர்களும் இன்று ஒரே கம்பெனியிடம் உள்ளன. அந்தக் கம்பெனியே சைக்கிள் செயினுக்கு ஒன்று, சிலிகான் ஒன்று, வெள்ளை லிதியம் கிரீஸ் ஒன்று என்று தனித்தனியாகவும் விற்கிறது.

வீட்டுக்கு மூன்று சிறு பொருள் போதும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு புட்டி. இது மிஷினுக்கும், வெயில் காலத்தில் செயினுக்கும் ஆகும். கெட்டியான புதிய எண்ணெய் ஒரு சிறு புட்டி, மழைக்காலச் செயினுக்கும் பின் உருவ முடியாத கீலுக்கும். லிதியம் கிரீஸ் ஒரு சிறு டப்பா, உருவக்கூடிய கீலுக்கும் சைக்கிள் சக்கரத்தின் அச்சு பால்ரஸுக்கும். பூட்டுக்குப் பிள்ளைகளின் பென்சில் இருக்கிறது. கிரீஸ் டப்பாவை மட்டும் எப்போதும் மூடி வையுங்கள். திறந்து கிடந்த டப்பாவில் விழுந்த மணல், விரலோடு சேர்ந்து நேரே பேரிங்குக்குத்தான் போகும்.